முதல் பத்து வாரம் கர்ப்பத்தைத் தாங்குவது எது? புரோஜெஸ்ட்ரோன், கார்பஸ் லூட்டியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை வளர்வது கருப்பையில்தானே? அப்புறம் ஸ்கேன் ரிப்போர்ட்டில் "வலது சினைப்பையில் கார்பஸ் லூட்டியம்" என்று எதற்காக எழுதுகிறார்கள்?

அந்த மாதம் முட்டை வெளியேறிய இடம் அதுதான். முட்டை போனதும் அது இருந்த குமிழ் வெறுமனே சுருங்கிப் போவதில்லை. அதன் சுவரில் இருக்கும் செல்கள் பெருத்துக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன, புதிய ரத்தக் குழாய்கள் உள்ளே புகுந்து பரவுகின்றன, இரண்டு மூன்று நாளில் அது ஒரு தனிச் சுரப்பியாக மாறிவிடுகிறது. வெட்டிப் பார்த்தால் மஞ்சளாக இருக்கும். பெரும்பாலும் 2 சென்டிமீட்டர் அளவுதான், ஆனால் எடைக்கு எடை பார்த்தால் உடலில் மிக அதிகமாக ரத்தம் பாயும் திசுக்களில் அதுவும் ஒன்று. ரத்தத்தில் வரும் கொழுப்பை எடுத்துப் புரோஜெஸ்ட்ரோனாக மாற்றித் திரும்ப ரத்தத்திலேயே விடுகிறது.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பைக்குத் தேவையான புரோஜெஸ்ட்ரோன் ஏறக்குறைய முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது. எனவே ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அது நோயின் பெயர் அல்ல, இருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது என்ற குறிப்பு. உள்ளே நீர் கோர்த்து 3, 4 சென்டிமீட்டர் வரை வளர்ந்து "சிஸ்ட்" என்று எழுதப்பட்டாலும் பெரும்பாலும் கர்ப்பத்தின் நான்காம் மாதத்துக்குள் தானாகவே சுருங்கிவிடும்.

கர்ப்பம் இல்லாத மாதத்திலும் இது உருவாகிறதா? அப்படியென்றால் அப்போது ஏன் மாதவிடாய் வந்துவிடுகிறது?

முட்டை வெளியேறும் ஒவ்வொரு மாதமும் உருவாகிறது. ஆனால் அதற்கு ஆயுள் சுமார் 14 நாள். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.எச். என்ற ஹார்மோன்தான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. முட்டை வெளியேறி ஒன்பது பத்து நாள் ஆனதும் அந்த அளவு எல்.எச். அதற்குப் போதாமல் போகிறது. சுரப்பி வாடுகிறது, புரோஜெஸ்ட்ரோன் சரிகிறது, கருப்பையின் உட்சவ்வு உதிர்ந்து மாதவிடாயாக வெளியேறுகிறது.

கரு தங்கிய மாதத்தில் நடப்பது வேறு. முட்டை வெளியேறி 8 முதல் 10 நாளுக்குள் பெரும்பாலான கருக்கள் உட்சவ்வில் பதிந்துவிடுகின்றன. பதிந்த உடனே கருவின் வெளிப்படலச் செல்கள் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைத் தாயின் ரத்தத்தில் விடத் தொடங்குகின்றன. வீட்டில் சிறுநீர் சொட்டு விட்டுப் பார்க்கும் அட்டையில் இரண்டாவது கோடாகத் தெரிவது இதே எச்.சி.ஜி. தான். செல்லில் எல்.எச். வந்து பொருந்தும் இடமான அதே ஏற்பியில் இதுவும் பொருந்தும், எல்.எச்.சை விடப் பல மடங்கு நேரம் ரத்தத்தில் நிலைத்தும் நிற்கும். வாடத் தொடங்கிய சுரப்பி இதனால் மறுபடி வேகமெடுக்கிறது.

நாள் கணக்கைப் பாருங்கள். சுரப்பி தளரத் தொடங்குவது ஒன்பது பத்தாம் நாள், கரு குரல் கொடுப்பதும் ஏறத்தாழ அதே நாட்களில். இடைவெளி மிகக் குறுகியது. பன்னிரண்டாம் நாளுக்கு மேல் தாமதமாகப் பதியும் கருக்களில் பல, கர்ப்பம் என்று தெரிந்த சில நாட்களிலேயே கலைந்துவிடுவதைக் காண்கிறோம். தாமதமாகப் பதிவதே கருவின் பலவீனத்தைக் காட்டுவதாகவும் இருக்கலாம்.

புரோஜெஸ்ட்ரோன் அப்படி என்னதான் செய்கிறது?

முதலாவதாக, கருப்பையின் உட்சவ்வை மாற்றியமைக்கிறது. மெல்லிய செல்கள் உப்பிச் சர்க்கரைப் பொருளைச் சேர்த்துக்கொள்கின்றன. கரு தன் வேர்களைப் பாய்ச்ச இடம் கொடுக்கும் அதே திசு, அளவுக்கு மீறி ஆழமாகப் போகாமல் தடுக்கவும் செய்கிறது. இரண்டாவதாக, கருப்பைத் தசையை அடங்கியிருக்கச் செய்கிறது, சுருங்கத் தூண்டும் புரோஸ்டகிளாண்டின்களைக் கட்டுக்குள் வைக்கிறது. மூன்றாவது, தாயின் நோய் எதிர்ப்புச் செல்கள் கருவை அந்நியப் பொருளாகத் தாக்காதபடி அந்த இடத்தின் சூழலை மாற்றுகிறது.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. கருக்கலைப்புக்குக் கொடுக்கப்படும் மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரை செய்வது ஒரே வேலை: புரோஜெஸ்ட்ரோன் அமர வேண்டிய ஏற்பிகளில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்தில் ஹார்மோன் நிறைய இருந்தும் கருப்பைக்கு அது எட்டுவதில்லை. உட்சவ்வின் ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, திசுவைக் கரைக்கும் நொதிகள் வெளிப்படுகின்றன, கரு பிடிப்பை இழக்கிறது. 24 முதல் 48 மணி நேரம் கழித்து மிசோப்ரோஸ்டால் கொடுத்ததும் கருப்பை சுருங்கி எல்லாவற்றையும் வெளியேற்றுகிறது. தொடக்கக் கர்ப்பம் எந்த அளவுக்கு இந்த ஒரு ஹார்மோனைச் சார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கார்பஸ் லூட்டியம் கடைசி வரை வேலை செய்யுமா? நஞ்சுக்கொடி எப்போது பொறுப்பெடுக்கிறது?

மனிதரில் 7 முதல் 9 வாரத்துக்குள் பொறுப்பு கைமாறுகிறது. வாரம் என்பது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. ஆகவே இரண்டாம் வார முடிவில் உருவான சுரப்பி, தனியாகச் சுமப்பது ஐந்து முதல் ஏழு வாரம்தான்.

இதைக் கண்டறிந்த கதை நீளமானது. 1900-களின் தொடக்கத்தில் அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் லுட்விக் ஃப்ரேங்கல் சினை முயல்களின் கார்பஸ் லூட்டியத்தைச் சுட்டு அழித்தபோது கருக்கள் கலைந்தன. 1929-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஜார்ஜ் கார்னரும் வில்லார்ட் ஆலனும் எதிர்த்திசையில் நிரூபித்தார்கள். முயல் இணைசேர்ந்த பிறகு அதன் சினைப்பைகளை எடுத்துவிட்டு, பன்றியின் கார்பஸ் லூட்டியத்திலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார்கள். கருக்கள் பிழைத்தன. அந்தச் சாற்றில் இருந்த பொருளைச் சில ஆண்டுகளில் தூய நிலையில் பிரித்தார்கள். அதுதான் புரோஜெஸ்ட்ரோன்.

ஆனால் முயலுக்கும் வெள்ளாட்டுக்கும் பிரசவம் வரை கார்பஸ் லூட்டியம் வேண்டும். மனிதருக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பது 1970-களின் தொடக்கத்தில் ஆர்பட் சாப்போவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் செய்த ஆய்வுகளில்தான் தெளிவானது. கர்ப்பத்தைத் தொடர விரும்பாத பெண்களிடம் கார்பஸ் லூட்டியத்தை மட்டும் அறுவை செய்து எடுத்து, புரோஜெஸ்ட்ரோன் அளவைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஏழாவது வாரத்துக்கு முன் எடுத்தவர்களுக்கு அளவு சட்டென விழுந்தது, சில நாட்களில் கரு கலைந்தது. ஒன்பது வாரத்தை ஒட்டி எடுத்தவர்களுக்கு அளவு கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியது, கர்ப்பம் நீடித்தது. முன்கூட்டியே எடுத்தவர்களில் சிலருக்குப் புரோஜெஸ்ட்ரோனை வெளியிலிருந்து கொடுத்தபோது கர்ப்பம் கலையவில்லை. சினைப்பையிலிருந்து போவதில் கருவைக் காப்பது இந்த ஹார்மோன்தான் என்பது அதிலிருந்து உறுதியானது. இன்று நாங்கள் மருத்துவமனையில் எடுக்கும் பல முடிவுகள் இந்த ஆய்வில்தான் நிற்கின்றன.

எனக்கு ஆறு வாரம். சினைப்பையில் கட்டி முறுக்கிக்கொண்டது, உடனே ஆபரேஷன் என்கிறார்கள். குழந்தை தங்குமா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே செய்யும் ஒரு சிறு காரியம் கர்ப்பத்தைக் காப்பாற்றும்.

ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொள்வோம். 6 வாரம் 1 நாள். திடீரென வலது அடிவயிற்றில் தாங்க முடியாத வலி, வாந்தி. ஸ்கேனில் கருப்பைக்குள் கரு இருக்கும் நீர்ப்பை, இதயத்துடிப்பு தெரிகிறது. வலது சினைப்பையில் 6 சென்டிமீட்டர் சிஸ்ட், சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது. இதைத் தள்ளிப்போட முடியாது.

முதலில் கேட்க வேண்டியது, கார்பஸ் லூட்டியம் எந்தப் பக்கம் என்பதுதான். டாப்ளர் ஸ்கேனில் அதைச் சுற்றி ரத்த ஓட்டம் வளையமாகப் பிரகாசிக்கும். (கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தைச் சுற்றியும் இப்படி ஒரு வளையம் தெரியும். ஸ்கேன் கருவியால் மெல்ல அழுத்தும்போது அது சினைப்பையோடு சேர்ந்து நகர்கிறதா, தனியாக நகர்கிறதா என்று பார்த்துப் பிரித்தறிவார்கள்.) கட்டி வலப்பக்கம், கார்பஸ் லூட்டியம் இடப்பக்கம் என்றால், கட்டியை எடுத்தாலும் கர்ப்பத்துக்கான புரோஜெஸ்ட்ரோன் குறையாது. இதைக் கவனிக்காமல் எல்லோருக்கும் மருந்து எழுதுவதையும், எல்லோரையும் பயமுறுத்துவதையும் நான் ஏற்கமாட்டேன்.

நம் சூழ்நிலையில் முறுக்கிய சிஸ்டே கார்பஸ் லூட்டியம் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் முறுக்கை அவிழ்ப்பார். சினைப்பை கருநீலமாகத் தெரிந்தாலும் ரத்தம் திரும்பினால் பெரும்பாலும் மீண்டுவிடும், அதனால் இப்போது எடுக்காமல் விடுவதே வழக்கம். அப்படி விட்டால் கார்பஸ் லூட்டியமும் தப்பலாம். ரத்தக் கசிவு நிற்காமலோ வேறு காரணத்தாலோ அதை எடுக்க நேர்ந்தால், அன்றே புரோஜெஸ்ட்ரோன் தொடங்க வேண்டும். ரத்தத்தில் இருக்கும் ஹார்மோன் சீக்கிரம் கரைந்துபோகும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. பெண்ணுறுப்பில் வைக்கும் மாத்திரையாக நாளொன்றுக்கு 600 முதல் 800 மில்லிகிராம் வரை, பிரித்துப் பிரித்துக் கொடுப்பது பரவலான முறை. 10 வாரம் முடியும்வரை கொடுத்தால் போதும். 6 வாரம் 1 நாளில் தொடங்கினால் 27 நாளில் 10 வாரம் நிறைகிறது. அதற்குள் நஞ்சுக்கொடி தானே சுரக்கத் தொடங்கியிருக்கும்.

இதே ஆபரேஷன் 11 வாரத்தில் நடந்தால் கூடுதல் ஹார்மோன் தேவைப்படாது. ஆகவே அறுவைக்கு முன் மயக்க மருந்து அறையில் இருந்தாலும் சரி, உங்கள் வார எண்ணிக்கையை மருத்துவரிடம் உறுதிப்படுத்துங்கள். "கார்பஸ் லூட்டியத்தை எடுத்தீர்களா?" என்று முடிந்ததும் கேளுங்கள், வெளியேறும்போது கொடுக்கும் சீட்டில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ரத்தத்தில் புரோஜெஸ்ட்ரோன் 8 தான் இருக்கிறதாம். அதனால்தான் கலையப் போகிறதா?

பெரும்பாலும் காரணமும் விளைவும் தலைகீழாக இருக்கின்றன. தொடக்கத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்கு அல்லது அதற்கும் மேல் குரோமோசோம் எண்ணிக்கையிலேயே பிழை இருக்கிறது. அப்படிப்பட்ட கரு எச்.சி.ஜி.யைச் சரியாகச் சுரக்காது. எச்.சி.ஜி. குறைந்தால் கார்பஸ் லூட்டியம் தூண்டப்படாது, புரோஜெஸ்ட்ரோன் சரியும். பார்ப்பவர்களுக்குப் புரோஜெஸ்ட்ரோன் குறைந்ததால் கரு போனதுபோல் தெரியும். இந்த நிலையில் ஹார்மோனை எவ்வளவு கொடுத்தாலும் கரு திரும்பாது. சிலருக்கு ரத்தப்போக்கு மட்டும் தள்ளிப்போகும், அதனால் தெரிய வேண்டிய செய்தி தாமதமாகத் தெரியும்.

ஒரே ஒரு பரிசோதனை எண்ணை வைத்து முடிவு கட்டவும் கூடாது. கார்பஸ் லூட்டியம் சீராகச் சுரப்பதில்லை, அலையலையாகச் சுரக்கிறது. கர்ப்பமில்லாத மாதத்தின் நடுப்பகுதியில் ஒரே பெண்ணிடம் சில மணி நேரத்துக்குள் மில்லிலிட்டருக்கு 2-லிருந்து 40 நானோகிராம் வரை ஏறி இறங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கர்ப்பத்தில் ஏற்ற இறக்கம் அவ்வளவு தீவிரமில்லை என்றாலும் இல்லாமல் இல்லை. பொதுவாக 5-க்குக் கீழ் என்றால் நம்பிக்கை குறைவு, 20-க்கு மேல் என்றால் நல்ல அறிகுறி. 8 அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எச்.சி.ஜி.யை 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பதும், ஆறு வாரத்துக்குப் பின் ஸ்கேனில் துடிப்பு தெரிகிறதா என்று பார்ப்பதும் இதைவிடத் தெளிவான விடை தரும்.

மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது இந்தப் பரிசோதனையை மறுபடி எடுப்பதில் பயனில்லை. பெண்ணுறுப்பில் வைக்கும் மாத்திரை கருப்பையில்தான் அதிகம் சேரும், ரத்தத்தில் குறைவாகவே காட்டும். டைட்ரோஜெஸ்ட்ரோன் மாத்திரை வேறொரு மூலக்கூறு, புரோஜெஸ்ட்ரோன் பரிசோதனை அதை எண்ணுவதே இல்லை.

ரத்தம் படுகிறது. உடனே மாத்திரை போட்டால் நிற்குமா?

சிலருக்கு உதவுகிறது. யாருக்கு என்பதை 2019-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வான "பிரிசம்" விரிவாகப் பார்த்தது. தொடக்கக் கர்ப்பத்தில் ரத்தம் பட்ட 4,153 பெண்களில் பாதிப்பேருக்குப் புரோஜெஸ்ட்ரோன், மீதிப்பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. மொத்தமாகப் பார்த்தால் குழந்தை பெற்றவர்கள் 75 சதவீதம், 72 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. ஆனால் ஏற்கெனவே மூன்று அல்லது அதற்கு மேல் கருச்சிதைவு ஆகி, இப்போதும் ரத்தம் படும் பெண்களில் 72 சதவீதத்துக்கு எதிராக 57 சதவீதம். இது பெரிய வித்தியாசம்.

அதற்கு முன் 2015-இல் வந்த "பிராமிஸ்" ஆய்வில் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஆனவர்களுக்கு, ரத்தம் படாதபோதே தொடங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். 65.8 சதவீதமும் 63.3 சதவீதமும். பலன் நிரூபணமாகவில்லை.

இவற்றைக் கொண்டு பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் சொன்னது இது: கர்ப்பம் கருப்பைக்குள்தான் என்று ஸ்கேனில் உறுதியாகி, ரத்தம் பட்டு, முன்பு ஒரு கருச்சிதைவாவது ஆகியிருந்தால் 400 மில்லிகிராம் புரோஜெஸ்ட்ரோன் பெண்ணுறுப்பு வழியாக, காலையும் இரவும். இதயத்துடிப்பு தெரிந்தால் 16 வாரம் முடியும்வரை தொடரலாம். முதல் கர்ப்பம், முன்பு கருச்சிதைவே இல்லை என்றால் கொடுப்பதால் கூடுதல் பலன் கிடைப்பதாகத் தெரியவில்லை.

"கருப்பைக்குள்தான் என்று உறுதியாகி" என்ற நிபந்தனையைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் படுவது கருக்குழாய்க் கர்ப்பத்தாலும் இருக்கலாம். தோள்பட்டை வலி, மயக்கம், ஒரு பக்கம் கடும் வலி இருந்தால் பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

படுத்தே கிடக்க வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். படுக்கையில் இருப்பது கருச்சிதைவைத் தடுக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. கருவைத் தாங்குவது ரத்தத்தில் வரும் ஹார்மோன், நீங்கள் எழுந்து நடப்பதால் அது குறைந்துவிடாது.

ஐ.வி.எஃப். செய்தவர்களுக்கு மட்டும் ஏன் பத்துப் பன்னிரண்டு வாரம் வரை விடாமல் கொடுக்கிறார்கள்?

உறைநிலையில் வைத்த கருவை மாத்திரை கொடுத்துத் தயார்செய்த உட்சவ்வில் வைக்கும்போது, அந்த மாதம் முட்டை வெளியேறுவதே இல்லை. அதனால் கார்பஸ் லூட்டியமும் இல்லை. நஞ்சுக்கொடி பொறுப்பெடுக்கும் வரை ஒவ்வொரு துளி புரோஜெஸ்ட்ரோனும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். இவர்களுக்கு மருந்து உபரி உதவி அல்ல, அதுதான் முழு ஆதாரம். சினைப்பை வேலை செய்யாத பெண்களும் தானமாகப் பெற்ற முட்டையால் குழந்தை பெற முடிவது இதே முறையில்தான். மெல்போர்னிலிருந்து 1984-இல் அப்படி ஒரு பிரசவம் பற்றிய அறிக்கை வந்தது.

புதிதாக எடுத்த கருவை அதே மாதம் வைத்தால் கார்பஸ் லூட்டியங்கள் பல இருக்கும், ஆனால் ஹார்மோன் அளவு செயற்கையாக உயர்ந்திருப்பதால் பிட்யூட்டரி எல்.எச்.சை அடக்கிவிடுகிறது, அவை சீக்கிரமே வாடும். அதனால் அவர்களுக்கும் ஆதரவு வேண்டும்.

இன்னொன்றும் தெரியவந்திருக்கிறது. கார்பஸ் லூட்டியம் இல்லாத முறையில் கருவுற்றவர்களுக்குக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் ரத்த அழுத்தம் கூடும் ப்ரீ-எக்லாம்ப்சியா அதிகம் வருகிறது. அந்தச் சுரப்பி ரிலாக்சின் போன்ற வேறு பொருட்களையும் சுரக்கிறது, மருந்தில் அவை இல்லை என்பது ஒரு விளக்கம். உங்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறது என்றால், இயற்கையாக முட்டை வெளியேறும் மாதத்திலேயே கருவை வைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி.

மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? ஒரு வேளை மறந்துவிட்டால்?

எதற்காகத் தொடங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. கார்பஸ் லூட்டியத்தை எடுத்ததற்காக என்றால் 10 வாரம். உறைந்த கரு வைத்ததற்காக என்றால் 10 முதல் 12 வாரம், மருத்துவமனை சொல்லும் நாள்வரை. ரத்தம் பட்டதற்காகவும் பழைய கருச்சிதைவுக்காகவும் என்றால் 16 வாரம். நஞ்சுக்கொடி சுரக்கத் தொடங்கியபின் நிறுத்தினால் உடலில் புரோஜெஸ்ட்ரோன் விழாது. அதனால் படிப்படியாகக் குறைக்க வேண்டிய கட்டாயமில்லை, சில மருத்துவர்கள் நோயாளியின் மன நிம்மதிக்காக அப்படிச் செய்வதுண்டு.

ஒரு வேளை மறந்தால், நினைவு வந்ததும் வைத்துக்கொண்டு வழக்கமான நேரத்துக்குத் திரும்புங்கள், இரண்டு வேளையைச் சேர்த்து வைக்க வேண்டாம். உங்களுக்குக் கார்பஸ் லூட்டியம் இருந்தால் ஒரு வேளை தவறியதால் ஒன்றும் ஆகாது. உறைந்த கரு வைத்தவர்களும் சுரப்பியை எடுத்தவர்களும் ஒரு நாள் முழுவதும் தவறிவிட்டால் அன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வாயால் விழுங்கும் புரோஜெஸ்ட்ரோன் தூக்கத்தைத் தரும் என்பதால் இரவில் எடுத்துக்கொள்வது நல்லது. பெண்ணுறுப்பில் வைப்பது வெள்ளையாகக் கசியும், மருந்து வீணாகிவிட்டதோ என்று கவலைப்பட வேண்டாம், வெளியே வருவது பெரும்பாலும் அதைச் சுற்றியிருந்த எண்ணெயும் மாவும்தான்.